பச்சைக் குறியும் பார்க்கப்படாத தரையும்

பயன்படுத்திய மகிழுந்து வாங்குவதற்கு முன்பெல்லாம் நம்மிடம் இருந்த வழி ஒன்றுதான். தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரை, நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஒரு போமனை, அழைத்துக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குச் செல்வோம். அவர் முன்மூடியைத் திறந்து பார்ப்பார், எஞ்சினின் ஓசையைக் கேட்பார், கீழே குனிந்து பார்ப்பார். அவர் தலையசைத்தால் வாங்குவோம். இன்று அவருடைய இடத்தை ஓர் அறிக்கை பிடித்துக்கொண்டுள்ளது. இணைய விற்பனைத் தளங்கள் ஒவ்வொரு மகிழுந்துக்கும் 150க்கும் மேற்பட்ட இனங்களைச் சோதித்ததாகக் கூறிப் பல பக்க அறிக்கையொன்றை வெளியிடுகின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே ஒரு பச்சைக் குறி இருக்கும். அங்கங்கே சில மஞ்சள் குறிகளும் தென்படும். பெரும் விபத்து இல்லை, தீப்பாதிப்பு இல்லை, வெள்ளப் பாதிப்பு இல்லை என்ற மூன்று வரிகள் முதற்பக்கத்திலேயே தடித்த எழுத்தில் நிற்கும்.

இவ்வறிக்கைகளைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முன்பு இருந்த இருட்டைவிட இந்த வெளிச்சம் மேலானது. ஆயினும், நாள்தோறும் மாணவர் மதிப்பெண் பட்டியல் எழுதும் ஆசிரியன் என்ற முறையில், இவ்வறிக்கைகளின் அமைப்பில் ஒரு குறை என் கண்ணை உறுத்துகிறது. தேர்வுக்கு வராத மாணவனுக்கு நாம் மதிப்பெண் இடுவதில்லை. அவன் பெயருக்கு எதிரே 'வரவில்லை' என்று எழுதுகிறோம். மகிழுந்து அறிக்கையில் அந்தக் கட்டமே இல்லை. பார்த்து நன்றாக இருந்ததற்கும் பச்சைக் குறி. பார்க்க முடியாத இடத்தில் குறையேதும் கண்ணுக்குப் படாததற்கும் அதே பச்சைக் குறி. வாங்குபவர் இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனையாளர் மகிழுந்தைச் சுற்றிவந்து பார்க்கிறார். சக்கரப்பட்டையின் பள்ளத்தை அளவுகோலால் அளக்கிறார். சாயத்தின் தடிப்பை ஒரு கருவியால் அளக்கிறார். மின்னணுக் கருவியொன்றை வண்டியின் கணினியோடு இணைத்துப் பிழைக் குறிகள் உள்ளனவா என்று படிக்கிறார். சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கிறார். ஆனால் எதையும் கழற்றுவதில்லை. கழற்றினால் நேரமாகும், பிளாஸ்டிக் பிடிப்புகள் உடையும், உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழும். ஆகவே இச்சோதனை முழுவதும் மேற்பரப்பிலிருந்து செய்யப்படுவது. இதில் தவறில்லை. ஆனால் இந்த எல்லையை மனத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையைப் படித்தால், எல்லா வரிகளும் ஒரே எடை உடையவை அல்ல என்பது புலப்படும்.

சக்கரப்பட்டைப் பள்ளம் 4 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தால் அது ஓர் அளவை. நம் நாட்டுச் சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். எனவே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று நாமே கணக்கிடலாம். இத்தகைய வரிகளை நான் முழுமையாக நம்புகிறேன். 'வெள்ளப் பாதிப்பு இல்லை' என்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதை அளக்கும் கருவி எதுவும் இல்லை. சோதனையாளர் வெளியில் தெரியும் தடயங்களைத் தேடி, கிடைக்காதபோது எழுதும் முடிவு அது. நேர்மையாக எழுதினால் 'கழற்றாமல் பார்த்தவரையில் தடயம் தென்படவில்லை' என்றே எழுத வேண்டும். அந்நீண்ட வாக்கியம் 'இல்லை' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும்போது அதன் பொருளே மாறிவிடுகிறது.

இந்த ஒரு வரியை மட்டும் இவ்விடுகையில் விரிவாகப் பேச விரும்புகிறேன். காரணம் உண்டு. 2021 டிசம்பர் நடுவில் பெய்த அடைமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளுக்குள் வெள்ளம் நாள்கணக்கில் நின்றது. அங்கு வாசலில் நின்ற மகிழுந்துகள் யாவும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவப்பட்டன, உலர்த்தப்பட்டன, ஓடின. 2024 நவம்பர் இறுதியில் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வெள்ளம் வந்தபோதும் அதே கதைதான். அவற்றில் பல கைமாறிக்கொண்டுதான் இருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றதும் கூரைவரை மூழ்கிய வண்டியையே நாம் கற்பனை செய்கிறோம். அத்தகைய வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. எஞ்சின் பகுதியெல்லாம் வண்டல் படிந்திருக்கும். சிக்கலானது, நீர் இருக்கையின் அடிவரை மட்டும் ஏறிய வண்டி. எஞ்சினின் முக்கிய உறுப்புகள் அந்த மட்டத்துக்கு மேலே இருப்பதால் அவை தப்பிவிடலாம். முன்மூடியைத் திறந்தால் எல்லாம் தூய்மையாகத் தெரியும். வண்டி நன்றாக ஓடும். ஆனால் உள்ளே, தரை விரிப்பின் அடியில் தடித்த பஞ்சுபோன்ற ஒரு படலம் உண்டு. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேல் விரிப்பு ஒரே நாளில் காய்ந்தாலும் அடிப்படலம் எளிதில் காயாது. வண்டியின் முன்னும் பின்னும் செல்லும் மின்கம்பிக் கற்றைகள் அந்த ஈரத்தின் ஓரமாகத்தான் ஓடுகின்றன. பல மகிழுந்துகளில் காற்றுப்பைகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டியே பொருத்தப்பட்டிருக்கும்.

கம்பிகளின் இணைப்பு முனைகளில் பச்சை நிறக் களிம்பு உருவாக மாதங்கள் ஆகும், சில வேளைகளில் ஓரிரு ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை மின்னோட்டம் தடையின்றிச் செல்லும். சோதனையாளர் கருவியை இணைத்தால் பிழைக் குறி ஒன்றும் வராது, ஏனெனில் இன்னும் பிழை ஏற்படவில்லை. பிழை ஏற்பட்டு, அதைப் பட்டறையில் அழித்துவிட்டு மறுநாள் விற்பனைக்குக் கொண்டுவந்தாலும் வராது. அந்தக் கருவி அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். பிறகு ஒருநாள் கண்ணாடி இறங்காது. இன்னொரு நாள் காற்றுப்பை விளக்கு எரியும். காற்றுப்பை விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வண்டியில் மோதலின்போது பை விரியும் என்று எவரும் உறுதிகூற முடியாது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் பள்ளிக்கு வரும் ஆசிரியர்களுக்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

காப்பீட்டுப் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் இந்நாட்டில் முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும், 'ஸ்பெஷல் பெரில்ஸ்' எனப்படும் கூடுதல் பாதுகாப்பைத் தனியே பணம் கட்டிச் சேர்த்தாலன்றி வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. அதைச் சேர்க்காத உரிமையாளர் என்ன செய்வார்? தம் கைப்பணத்தில் கழுவி உலர்த்துவார். இழப்பீடு கோராததால் பதிவும் இராது. ஆக, காப்பீட்டு வரலாறு தூய்மையாக இருப்பது வண்டி நனையவில்லை என்பதற்குச் சான்றாகாது.

என்னோடு பணியாற்றும் இளம் ஆசிரியை ஒருவர் 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு பெரோடுவா மைவி வாங்க முனைந்தார். விலை நாற்பதாயிரம் வெள்ளியை ஒட்டியது. அறிக்கையைக் கைப்பேசியில் காட்டி, "ஐயா, எல்லாமே பச்சையாக இருக்கிறது. பின்பம்பரில் ஒரு கீறல் மட்டும் மஞ்சள்," என்றார். உண்மைதான். அப்படிப்பட்ட அறிக்கைகளில் கீறல்கள் மிகத் துல்லியமாக, படத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். ஒரு சென்டிமீட்டர் கீறலைக்கூட விடாத அறிக்கை வேறெதையும் விட்டிருக்காது என்ற எண்ணம் படிப்பவருக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

இருவரும் உட்கார்ந்து அறிக்கையை முதலிலிருந்து படித்தோம். குறிகளை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்தோம். உட்புறப் படங்கள் எட்டு இருந்தன. எட்டிலும் தரையைப் புதிய கால்மிதிகள் மறைத்திருந்தன. மாற்றுச் சக்கரம் இருக்கும் பின்பெட்டிக் குழியின் படம் ஒன்று இருந்தது. அதில் ஜாக்கியின் அடிப்பகுதி செந்நிறமாகத் துருவேறியிருந்தது. மழை நீர் ஒழுகினாலும் துரு வரும் என்பதால் அதை ஒரு கேள்வியாக மட்டும் குறித்துக்கொண்டோம்.

அடுத்துப் பராமரிப்புப் பதிவு. இது அறிக்கையோடு இணைப்பாக வந்திருந்தது. பலர் திறப்பதே இல்லை. வண்டி 2019 பிப்ரவரியில் பதிவானது. 2021 நவம்பரில் ஷா ஆலத்திலுள்ள ஒரு நிலையத்தில் பராமரிப்பு நடந்தபோது ஓட்டமானி 37,400 கிலோமீட்டர் காட்டியது. 33 மாதங்களில் 37,400 என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,130 கிலோமீட்டர். அடுத்த பதிவு 2022 ஜூனில், 38,600 கிலோமீட்டரில். அதாவது ஏழு மாதங்களில் 1,200 கிலோமீட்டர் மட்டுமே. பழைய வேகத்தில் ஓடியிருந்தால் ஏழெட்டாயிரம் ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு சோதனை நாளில் 66,000. இடைப்பட்ட 27 மாதங்களில் மீண்டும் மாதத்துக்கு ஆயிரத்தை ஒட்டிய ஓட்டம். நடமாட்டக் கட்டுப்பாடு காரணமாக இருக்குமோ என்று ஆசிரியை கேட்டார். மாநிலம் கடக்கும் தடை 2021 அக்டோபரிலேயே நீங்கிவிட்டது. மேலும் 2020இன் கடுமையான கட்டுப்பாட்டையும் உள்ளடக்கியதுதான் அந்த 1,130 என்ற சராசரி. ஆகவே அந்த விளக்கம் பொருந்தவில்லை.

அறிக்கையில் ஓட்டமானிக்கு எதிரே 'பதிவுகளோடு ஒத்துள்ளது' என்று பச்சைக் குறி இருந்தது. ஒத்துத்தான் இருந்தது. எண் எங்கும் பின்னோக்கிச் செல்லவில்லை. சோதனையாளரிடம் கேட்கப்பட்ட கேள்வி, ஓட்டமானி திருத்தப்பட்டதா என்பது. வண்டி ஏன் ஏழு மாதங்கள் ஏறக்குறைய நின்றே கிடந்தது என்ற கேள்வி அவருடைய படிவத்தில் இல்லை. உரிமையாளர் நோயுற்றிருக்கலாம், வெளிநாடு சென்றிருக்கலாம். ஆனால் ஷா ஆலத்தில் 2021 நவம்பருக்கும் 2022 ஜூனுக்கும் இடையே ஒரு வண்டி நின்றுபோனது என்றால், டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியுமா?

அந்த வாரச் சனிக்கிழமை, ஆசிரியை தம் தந்தைக்குப் பழக்கமான பட்டறைக்காரரை அழைத்துக்கொண்டு தளத்தின் காட்சிக்கூடத்துக்குச் சென்றார். நானும் உடன் சென்றேன். எதையும் கழற்றக்கூடாது என்று அங்கிருந்த பணியாளர் பணிவாகச் சொன்னார். பட்டறைக்காரர் எதையும் கழற்றவில்லை. ஓட்டுநர் இருக்கை வாரைப் பிடித்து, அது இனி வராது என்னும்வரை மெதுவாக வெளியே இழுத்தார்.

இதை நான் வாசகர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். இருக்கை வாரின் சுருள் பெரும்பாலான மகிழுந்துகளில் கதவுத் தூணின் அடியில், தரைக்கு அருகில் இருக்கிறது. நாம் வாரை அணியும்போது முழு நீளமும் வெளியே வருவதில்லை. கடைசிப் பகுதி எப்போதும் சுருளுக்குள்ளேயே கிடக்கும். வெள்ளம் ஏறினால் முதலில் நனைவது அதுதான். இருக்கைகளைக் கழுவுபவர்களும் வாரின் வெளிப்பகுதியையே கழுவுகிறார்கள். அன்று இழுக்கப்பட்ட வாரின் கடைசி ஒரு சாண் நீளத்தில் பழுப்பு நிறக் கறை கோடாகத் தெரிந்தது. "டீச்சர், விரலால் தேய்த்துப் பாருங்கள்," என்றார் பட்டறைக்காரர். ஆசிரியையின் விரல் நுனியில் மெல்லிய மண் ஒட்டியது. பிறகு இருக்கையை முழுவதும் பின்னே தள்ளி, கைப்பேசி விளக்கால் அடியில் பார்த்தார். இருக்கைச் சட்டத்தின் கம்பிச் சுருள்கள் துருவேறியிருந்தன. தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகளின் தலைகள் மட்டும் பளபளவென்று கீறப்பட்டிருந்தன. அத்திருகாணிகளை ஒருமுறை கழற்றியிருக்கிறார்கள். இருக்கையைக் கழற்றாமல் விரிப்பை வெளியே எடுக்க முடியாது. விரிப்பை எடுக்க வேண்டிய தேவை ஒரு சாதாரணக் குடும்ப வண்டிக்கு எப்போது வரும்?

இத்தனைக்கும் பத்து நிமிடம் ஆயிற்று. பதிவுப் பணம் 500 வெள்ளியை மறுபேச்சின்றித் திருப்பித் தந்தார்கள். சோதனையாளரைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர் தமக்குக் கொடுக்கப்பட்ட படிவத்தை நிரப்பினார். வாரை முழுவதும் இழுக்க வேண்டும் என்று படிவம் கேட்டிருந்தால் இழுத்திருப்பார். படிவத்தில் இருந்தது, 'இருக்கை வார்கள் இயங்குகின்றனவா' என்ற வரி. இயங்கின.

வார்கள் மிகத் தூய்மையாக இருந்தாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார் பட்டறைக்காரர். பொதுவாக வாரின் அடிப்பகுதியில் ஒரு சிறிய துணிச்சீட்டு தைக்கப்பட்டு, அதில் தயாரித்த காலம் அச்சிடப்பட்டிருக்கும். அது வண்டியின் வயதைவிடப் பல ஆண்டுகள் இளையதாக இருந்தால், அவ்வார் ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். விபத்தில் இறுகிய வாரையும் மாற்றுவார்கள், நனைந்த வாரையும் மாற்றுவார்கள். இரண்டுமே நாம் அறிய வேண்டியவை. அதுபோலவே, சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து பிறகு அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தால் குறை இருப்பது தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே எரியாமல் இருந்தால்தான் கூடுதலாக ஐயுற வேண்டும். விளக்கையே யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம்.

'பெரும் விபத்து இல்லை' என்ற வரிக்கும் இதே நோய் உண்டு. அச்சொல்லுக்குத் தளங்கள் தரும் பொருள், வண்டியின் அடிச்சட்டம் அல்லது கட்டமைப்புத் தூண்கள் பாதிக்கப்படவில்லை என்பதே. திருகாணியால் பொருத்தப்பட்ட கதவு, முன்மூடி, முன்சக்கர மேற்கவசம் ஆகியவற்றை முழுவதுமாக மாற்றியிருந்தாலும் அது பெரும் விபத்துக் கணக்கில் வராது. அந்த வரையறை அறிக்கையின் கடைசிப் பக்கத்திலோ விதிமுறைப் பகுதியிலோ சிறிய எழுத்தில் இருக்கும். மோசடி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் 'விபத்தே நடக்கவில்லை' என்று படித்துக்கொள்ளும் ஒரு பெற்றோர் ஏமாந்துபோவார்.

இவ்வறிக்கை மூன்றாம் தரப்பினருடையது, ஆகவே நடுநிலையானது என்ற வாதத்தையும் சற்றே ஆராய வேண்டும். விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர் என்பது சரி. ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது தளம். தளம் பெரும்பாலும் அந்த வண்டியை முந்தைய உரிமையாளரிடமிருந்து தானே வாங்கியிருக்கிறது. அவ்வாறு வாங்கும்போது விலையை நிர்ணயிக்கத்தான் முதல் சோதனையே நடக்கிறது. கீறல்களும் பள்ளங்களும் அவ்வளவு நுணுக்கமாகக் குறிக்கப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு கீறலும் கொள்முதல் விலையைக் குறைக்க உதவுகிறது. ஐந்தாண்டு கழித்து இணைப்பு முனை களிம்பேறுமா என்பது அந்தப் பேரத்தில் யாருக்கும் பயன்படாத கேள்வி. நமக்கோ அதுதான் முதற்கேள்வி.

ஆகவே என் கோரிக்கை சிறியது. அறிக்கையில் மூன்றாவது ஒரு கட்டம் வேண்டும்: 'பார்க்கப்படவில்லை'. தரை விரிப்பின் அடிப்பகுதி பார்க்கப்படவில்லை என்றால் அப்படியே எழுதட்டும். குளிர்ந்த எஞ்சினை முதன்முதலாக இயக்கிப் பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதட்டும். அப்படி எழுதினால் வாங்குபவர்கள் அஞ்சி ஓடிவிடுவார்கள் என்று தளத்தார் சொல்லக்கூடும். மருத்துவப் பரிசோதனை முடிவில் 'இச்சோதனை செய்யப்படவில்லை' என்று இருப்பதைக் கண்டு நாம் மருத்துவமனையை விட்டு ஓடுவதில்லை. அச்சோதனையைச் செய்யச் சொல்கிறோம். செலவு கூடும் என்பது இன்னொரு வாதம். வாரை முழுவதும் இழுத்து ஒரு படம் எடுக்க என்ன செலவு? இருக்கையின் அடியில் ஒரு படம், கால்மிதியை விலக்கி ஒரு படம், வாரின் கடைசிப் பகுதி ஒரு படம். கீறலுக்கு எடுக்கும் இருபது படங்களில் மூன்றைக் குறைத்தால் போதும்.

அந்தக் கட்டம் வரும்வரை அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். ஆசிரியை அடுத்த வண்டியைப் பார்த்தபோது, காட்சிக்கூடத்துக்குப் போகும் முன்பே தளத்துக்கு எழுத்து வடிவில் ஒரு கேள்வி அனுப்பினார்: உட்புறத் தரை விரிப்பு தூக்கிப் பார்க்கப்பட்டதா, இருக்கை வார்கள் முழு நீளம் இழுக்கப்பட்டனவா, ஆம் எனில் படம் உண்டா? இரண்டு நாளில் பதில் வந்தது. விரிப்பைத் தூக்குவது தங்கள் சோதனை முறையில் இல்லை என்று ஒரே வரியில், எவ்வித மழுப்பலும் இன்றி எழுதியிருந்தார்கள். கேட்டால் சொல்கிறார்கள். 160 வரிகள் கொண்ட அறிக்கையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் இடமில்லை.

பெற்றோர் சிலர் புஸ்பாகோம் சோதனையில் தேறிய வண்டி என்பதை இதற்கு மறுமொழியாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உரிமை மாற்றத்துக்கான பி5 சோதனையின் முதன்மை நோக்கம், வண்டியின் அடையாளத்தை உறுதிசெய்வதும் சாலைக்குரிய அடிப்படைத் தகுதியைப் பார்ப்பதுமாகும். அடிச்சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். வங்கிக் கடனுக்குரிய பி7 சோதனையும் வண்டியின் எதிர்காலத்துக்கு உத்தரவாதம் அன்று. அங்கும் விரிப்பைத் தூக்குவதில்லை.

சில தளங்கள் வாங்கிய சில நாள்களுக்குள் வண்டியைத் திருப்பித்தர இடமளிக்கின்றன. அந்த நாள்களை உறவினர் வீடுகளுக்கு ஓட்டிக்காட்டுவதில் கழிக்காமல், முதல் நாளே வண்டியை மேலே தூக்கிப் பார்க்கும் வசதியுள்ள பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். கதவுப்படியின் பிளாஸ்டிக் மூடியை நெகிழ்த்தி விரிப்பின் ஓரத்தைத் தூக்குவது பழகிய கைக்குச் சில நிமிட வேலை. ஆனால் கழற்றினால் திருப்பித்தரும் உரிமை போய்விடுமா என்பதை விதிமுறையில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் தளத்திடம் எழுதிக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. வண்டி விற்றவுடன் அதன் பக்கம் தளத்திலிருந்து மறைந்துவிடக்கூடும். அறிக்கையும் அதோடு போய்விடும். வாங்குவதற்கு முன்பே அறிக்கை, படங்கள், வரையறைப் பக்கம், நீங்கள் கேட்ட கேள்வி, வந்த பதில் எல்லாவற்றையும் நாளோடு சேமித்து வையுங்கள். 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞரைத் தேட வேண்டியதில்லை. நாமே நேரில் பேசலாம். அங்கே 'வெள்ளப் பாதிப்பு இல்லை' என்று முதற்பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சான அந்தத் தாளை மேசைமேல் வைக்க அது நம் கையில் இருக்க வேண்டும்.